ஒரே ஆண்டில் இரண்டு சரிவுகள்: 2025இல் செம்பு வரைபடம் சொன்னதும் சொல்லாததும்

2025ஆம் ஆண்டில் நியூயார்க்கின் காமெக்ஸ் சந்தையில் செம்பு விலை இரண்டு முறை செங்குத்தாக விழுந்தது. முதல் சரிவு ஏப்ரல் முதல் வாரத்தில் நடந்தது, இரண்டாவது ஜூலை மாதத்தின் கடைசி இரண்டு நாட்களில் நடந்தது. இரண்டிலும் விலை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. வரைபடத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், நாட்கணக்கில் நீண்ட முதல் சரிவைவிட ஓரிரவில் முடிந்துவிட்ட இரண்டாவது சரிவே அச்சமூட்டுவதாகத் தெரியும். ஆனால் ஏப்ரலில் அமெரிக்கப் பங்குச் சந்தையின் எஸ் அண்ட் பி 500 குறியீடு நான்கு வர்த்தக நாட்களில் 12 சதவீதம் இழந்தது. ஜூலைச் சரிவின் இரண்டு நாட்களையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் அதே குறியீடு அரை சதவீத அளவுக்கே இறங்கியது.

செம்பு விலையைப் பார்த்துத் தொழில்துறையின் நாடியையும், அதன் வழியே பங்குச் சந்தையின் மனநிலையையும் பிடிக்கலாம் என்ற நம்பிக்கை சந்தையில் பழையது. அந்த உலோகத்துக்கு ‘டாக்டர் காப்பர்’ என்ற பட்டப்பெயரே உண்டு. மின்கம்பி, மோட்டார், மின்மாற்றி, குழாய், குளிரூட்டி, வாகனம் என்று எதைத் தயாரித்தாலும் செம்பு தேவைப்படுவதால், அதன் விலை உற்பத்தியின் வேகத்தைக் காட்டும் என்பது அதற்கான வாதம். வாதத்தில் பிழையில்லை. ஆனால் திரையில் நாம் திறக்கும் ‘செம்பு வரைபடம்’ எந்தச் செம்பின் விலை, அது எங்கே ஒப்படைக்கப்படுகிறது, அதில் வரி சேர்ந்திருக்கிறதா என்ற கேள்விகளை அந்த வாதம் கேட்பதில்லை. 2025இன் இரண்டு சரிவுகளும் இந்தக் கேள்விகளைக் கேட்க வைத்தன என்பதால்தான் அவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

எந்த வரைபடம்?

உலகச் செம்பு வர்த்தகத்தில் மூன்று விலைகள் முக்கியமானவை. லண்டன் உலோகச் சந்தையின் மும்மாத விலை, அதாவது மூன்று மாதம் கழித்து ஒப்படைக்கும் செம்பின் விலை, ஒரு டன்னுக்கு இத்தனை டாலர் என்று சொல்லப்படுகிறது, அங்கே ஓர் ஒப்பந்தம் 25 டன். காமெக்ஸ் விலை ஒரு பவுண்டு எடைக்கு இத்தனை டாலர், ஒப்பந்தம் 25,000 பவுண்டு. ஷாங்காய் விலை யுவானில் அமைந்தது. சுத்திகரித்த செம்பில் உலகம் பயன்படுத்துவதில் பாதிக்கு மேல் சீனாவில்தான் பயன்படுகிறது என்பதால் ஷாங்காய் விலையையும் ஒதுக்கிவிட முடியாது.

பொருள் ஒன்றே, எல்லாம் 99.99 சதவீதத்தை ஒட்டிய தூய்மையுள்ள கேத்தோடு தகடுகள். வித்தியாசம் ஒப்படைக்கும் இடத்தில் இருக்கிறது. லண்டன் ஒப்பந்தத்துக்கான சரக்கு பல நாடுகளின் துறைமுகக் கிடங்குகளில், எந்த நாட்டின் இறக்குமதி வரியும் செலுத்தாத நிலையில் இருக்கும். காமெக்ஸ் ஒப்பந்தத்துக்கான சரக்கு அமெரிக்காவுக்குள் வரி செலுத்தி முடித்த நிலையில் இருக்க வேண்டும். ஆகவே அமெரிக்கா செம்புக்கு வரி விதிக்கப்போகிறது என்று சந்தை நினைக்கத் தொடங்கினால், அந்த வரி வருவதற்கு முன்பே காமெக்ஸ் விலைக்குள் ஏறிவிடும். லண்டன் விலையில் அது ஏறாது.

சாதாரண ஆண்டுகளில் இந்த வேறுபாட்டுக்கு மதிப்பில்லை. இரண்டு விலைகளும் போக்குவரத்துச் செலவின் அளவுக்கே பிரிந்திருக்கும், மீறிப் பிரிந்தால் வர்த்தகர்கள் மலிவான இடத்தில் வாங்கி விலை கூடிய இடத்துக்கு அனுப்பி இடைவெளியை மூடிவிடுவார்கள். அதனால்தான் பலரும் எளிதில் கிடைக்கும் HG1! என்ற காமெக்ஸ் தொடர் வரைபடத்தையே ‘செம்பு விலை’ என்று எடுத்துக்கொண்டு பழகிவிட்டோம். நானும் அப்படியே பழகியவன்.

அந்த வழக்கத்தை 2025 பிப்ரவரி 25 உடைத்தது. அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப், வர்த்தக விரிவாக்கச் சட்டத்தின் 232ஆம் பிரிவின் கீழ் செம்பு இறக்குமதி தேசியப் பாதுகாப்பைப் பாதிக்கிறதா என்று ஆராயும்படி ஆணையிட்டார். அன்றிலிருந்து காமெக்ஸ் வரைபடத்தில் இரண்டு வெவ்வேறு பொருள்களின் விலை கலந்துவிட்டது. ஒன்று செம்பு, மற்றொன்று ‘வரி வரும்’ என்ற எதிர்பார்ப்பு. பின்னதைத் தனியே பிரித்தெடுக்கக் கூட்டல் கழித்தல் போதும்:

```
இடைவெளி = (காமெக்ஸ் விலை × 2204.62) − லண்டன் மும்மாத விலை
```

2204.62 என்பது ஒரு டன்னில் உள்ள பவுண்டுகளின் எண்ணிக்கை. இந்த ஒரு வரியைத் தினமும் கணக்கிட்டு வைத்திருந்தவருக்கு ஏப்ரலும் ஜூலையும் வேறு வேறு நிகழ்வுகள் என்று அந்தந்த நாளிலேயே தெரிந்திருக்கும்.

ஏப்ரல்: மூன்று சந்தைகளும் விழுந்த வாரம்

மார்ச் இறுதியில் லண்டன் விலை 10,000 டாலரைத் தாண்டிவிட்டு ஏப்ரல் 2ஆம் தேதி 9,700 டாலரை ஒட்டி இருந்தது. காமெக்ஸில் ஒரு பவுண்டு ஐந்து டாலருக்குச் சற்று மேல், அதாவது டன்னுக்கு ஏறத்தாழ 11,100 டாலர். இடைவெளி 1,400 டாலர். அன்று மாலை டிரம்ப் எல்லா நாடுகளின் மீதும் பரவலான சுங்க வரிகளை அறிவித்தார். 4ஆம் தேதி சீனா 34 சதவீதப் பதிலடி வரியை அறிவித்தது.

எஸ் அண்ட் பி 500 ஏப்ரல் 2ஆம் தேதி 5,671 புள்ளிகளில் முடிந்தது, 8ஆம் தேதி 4,983இல் முடிந்தது. லண்டன் செம்பு 7ஆம் தேதி வர்த்தகத்தின் இடையில் 8,105 டாலர் வரை சென்று சற்று மீண்டது. நாள்முடிவுகளை வைத்துப் பார்த்தால் அதன் இழப்பு 11 சதவீதத்தை ஒட்டியது, பங்குக் குறியீட்டின் இழப்போடு கிட்டத்தட்ட ஒத்துப்போனது. ஷாங்காய்ச் சந்தை கிங்மிங் விடுமுறையில் மூடியிருந்தது. 7ஆம் தேதி திங்கட்கிழமை அது திறந்தபோது செம்பு அன்றைய அனுமதிக்கப்பட்ட கீழ்வரம்பைத் தொட்டது.

இந்த வாரத்தின் சரிவை உண்மையான அச்சம் என்று படிக்க எனக்கு இரண்டு காரணங்கள் போதுமானவையாக இருந்தன. முதலாவது, மூன்று சந்தைகளும் சேர்ந்து விழுந்தன. அமெரிக்காவுக்குள் வரி செலுத்திய செம்பின் விலை மட்டும் விழுந்திருந்தால் அது அமெரிக்க வரிக் கொள்கையின் சங்கதி, லண்டனும் ஷாங்காயும் விழுந்தால் செம்பு என்ற பொருளையே யாரோ வேண்டாம் என்கிறார்கள் என்று பொருள். இரண்டாவது காரணம் டாலர். செம்பு டாலரில் விலையிடப்படுவதால், டாலர் வலுத்தால் செம்பு விலை இறங்குவதும் டாலர் தளர்ந்தால் ஏறுவதும் வழக்கம். அதனால் பல செம்புச் சரிவுகள் டாலரின் நிழலாகவே முடிந்துவிடும். ஏப்ரல் அந்த வாரத்தில் டாலர் குறியீடு சற்றுத் தளர்ந்தே இருந்தது. டாலர் துணைக்கு நின்றும் செம்பு விழுந்தது என்றால், அதைத் தள்ளிய கை வேறொன்று.

அந்தக் கை முழுவதும் தொழில்துறைத் தேவைதானா என்று கேட்டால், இல்லை என்றே சொல்வேன். ஒரு வாரத்தில் எந்தத் தொழிற்சாலையும் செம்பு வாங்குவதைப் பத்தில் ஒரு பங்கு குறைத்துவிடுவதில்லை. பங்குகளில் இழந்தவர்கள் மார்ஜின் என்ற பிணைப் பணம் கட்டுவதற்காக, லாபத்தில் இருந்த செம்பு ஒப்பந்தங்களையும் விற்றிருப்பார்கள். ஆகவே பங்கு விலையும் செம்பு விலையும் சேர்ந்து விழுந்ததில் ஒரு பகுதி, இரண்டையும் ஒரே ஆட்கள் வைத்திருந்தார்கள் என்பதன் விளைவு. இந்த வேறுபாடு பங்குச் சந்தையின் மனநிலையைப் படிக்க விரும்புபவருக்கு முக்கியமானது. அப்படிப்பட்ட வாரங்களில் செம்பு பங்குச் சந்தைக்கு வெளியே நின்று சாட்சி சொல்வதில்லை, அதே கூட்டத்துக்குள் நின்று கத்துகிறது. பங்கு முதலீட்டாளருக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் அது மறுபடி சொல்லும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. காமெக்ஸ் விலை 8ஆம் தேதிக்குள் டன்னுக்கு ஏறத்தாழ 2,000 டாலர் இறங்கியது, அதில் லண்டன் விலையோடு சேர்ந்து இறங்கியது ஏறத்தாழ பாதிதான். மற்ற பாதி இடைவெளி சுருங்கியதால் வந்தது. ஏப்ரல் 2 அறிவிப்பில் செம்புக்கு விலக்கு அளிக்கப்பட்டிருந்ததால், வரி உடனே வராது என்று எண்ணியவர்கள் காமெக்ஸில் கூடுதலாக விற்றார்கள். அதாவது தேவை பற்றிய அச்சம் தெளிவாகப் பதிவான வாரத்திலும்கூட, காமெக்ஸ் வரைபடத்தை மட்டும் பார்த்தவர் அச்சத்தை இரு மடங்காக எண்ணியிருப்பார்.

மே, ஜூன்: காலியான கிடங்குகள்

ஏப்ரல் 9ஆம் தேதி, சீனா தவிர்த்த நாடுகளின் மீதான கூடுதல் வரிகள் 90 நாட்களுக்கு ஒத்திவைக்கப்பட்டன. எஸ் அண்ட் பி 500 ஒரே நாளில் 9.5 சதவீதம் உயர்ந்தது, செம்பும் எழுந்தது. ஜூன் 27ஆம் தேதி பங்குக் குறியீடு புதிய உச்சத்தில் முடிந்தது. ஜூலை தொடக்கத்தில் லண்டன் செம்பு மீண்டும் 10,000 டாலரைத் தொட்டது. இரண்டு வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் கைகோத்து நடந்ததுபோல் இருக்கும். பலர் அப்படித்தான் போட்டார்கள், தொழில்துறை மீண்டுவிட்டதைச் செம்பு உறுதிசெய்கிறது என்றும் எழுதினார்கள்.

வரைபடம் சந்தேகமாகத் தோன்றும்போது நாம் அடுத்துப் பார்ப்பது கிடங்கு இருப்பும் காலவேறுபாட்டு விலையும்தான். தேவை கூடினால் கிடங்கில் இருப்பு குறையும். உடனே வேண்டிய சரக்குக்கு மூன்று மாதம் கழித்து வரும் சரக்கைவிட விலை கூடும், அந்த நிலைக்குச் சந்தையில் பேக்வர்டேஷன் என்று பெயர். பாடநூலின்படி இவை இரண்டும் வலுவான தேவையின் அடையாளங்கள். 2025 ஜூனில் இரண்டும் அப்படியே இருந்தன. ஆண்டுத் தொடக்கத்தில் லண்டன் சந்தையின் கிடங்குகளில் ஏறத்தாழ 2,70,000 டன் செம்பு இருந்தது, ஜூன் இறுதியில் அது ஒரு லட்சம் டன்னுக்கும் கீழே வந்துவிட்டது. உடனடி விலை மும்மாத விலையைவிட இருநூறு டாலருக்கு மேல் உயர்ந்து நின்றது.

பாடநூலை நம்பி அங்கேயே நின்றிருந்தால் ஏமாந்திருப்போம். லண்டன் கிடங்கிலிருந்து வெளியேறிய செம்பு உலைக்கோ கம்பி ஆலைக்கோ போகவில்லை, பெரும்பகுதி கப்பலேறி அமெரிக்கக் கிடங்குக்குப் போனது. வரி வருவதற்கு முன் உள்ளே கொண்டு சேர்த்துவிட்டால் இடைவெளி முழுவதும் லாபம் என்பதே அந்தக் கணக்கு. ஆண்டுத் தொடக்கத்தில் 907 கிலோ கொண்ட குறுடன் கணக்கில் ஒரு லட்சம் அளவில் இருந்த காமெக்ஸ் இருப்பு, ஜூலை இறுதியில் இரண்டரை லட்சத்தை ஒட்டி நின்றது. ஒரு கிடங்கின் இருப்பு மட்டும் குறைவதற்கும் எல்லாக் கிடங்குகளின் கூட்டு இருப்பு குறைவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். பண்டம் பாத்திரம் மாறியதை, பண்டம் தீர்ந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அப்படியானால் உண்மையான தேவை எப்படி இருந்தது? பயனரின் வாசலுக்கு நெருக்கமான எண்களைப் பார்த்தால் ஓரளவு தெரியும். சீன இறக்குமதியாளர் லண்டன் விலைக்கு மேல் எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கத் தயார் என்பதைக் காட்டும் யாங்ஷான் பிரீமியம், மே மாதத்தில் உயர்ந்திருந்தது. ஜூன் இறுதிக்குள் அது வெகுவாக இறங்கிவிட்டது. சீனாவின் அதிகாரபூர்வ உற்பத்தித்துறைக் கொள்முதல் மேலாளர் குறியீடு ஏப்ரலிலிருந்து 50க்குக் கீழே இருந்தது. அமெரிக்காவின் ஐஎஸ்எம் உற்பத்தித்துறைக் குறியீடு மார்ச்சிலிருந்தே 50க்குக் கீழே. 50க்குக் கீழே என்றால் முந்தைய மாதத்தைவிடச் சுருக்கம் என்று பொருள். விலை ஏறுகிறது, கிடங்கு காலியாகிறது, ஆனால் வாங்க வேண்டிய ஆலைகள் சுருங்குகின்றன. இந்த மூன்றும் ஒன்றாக நிற்க வேண்டுமென்றால் செம்பு வேறு எதற்காகவோ நகர்கிறது என்றுதான் முடிவுக்கு வர வேண்டும்.

ஜூலை: வரியின் விலை

ஜூலை 8ஆம் தேதி டிரம்ப் செம்புக்கு 50 சதவீத வரி என்று சொன்னார். காமெக்ஸ் விலை அன்று 13 சதவீதம் உயர்ந்து பவுண்டுக்கு 5.69 டாலரை ஒட்டி முடிந்தது. டன் கணக்கில் அது ஏறத்தாழ 12,500 டாலர். லண்டன் விலை 9,800 டாலர் அளவில் இருந்தது. இடைவெளி 2,700 டாலர், அதாவது லண்டன் விலையில் கால் பங்குக்கு மேல்.

இந்த நாளில் HG1! வரைபடத்தின் கோட்டை ஒருவர் தனியாகப் பார்த்திருந்தால் தொழில்துறை வரலாறு காணாத வேகத்தில் இயங்குகிறது என்று நினைத்திருப்பார். உண்மையில் அந்த எண், 50 சதவீத வரி முழுதாக வருவதற்கான வாய்ப்பைச் சந்தை பாதிக்குச் சற்று மேலாக மதிப்பிட்டது என்பதைத்தான் காட்டியது. முழு நம்பிக்கை இருந்திருந்தால் இடைவெளி லண்டன் விலையில் 50 சதவீதத்தை நெருங்கியிருக்க வேண்டும். எந்த வடிவங்களுக்கு வரி, எந்த நாடுகளுக்கு விலக்கு, ஏற்கெனவே உள்ளே வந்த இருப்பு எத்தனை நாள் தாங்கும் என்ற சந்தேகங்கள் மீதியைத் தின்றுவிட்டன.

ஜூலை 30ஆம் தேதி பிற்பகல் ஆணையின் விவரம் வெளிவந்தது. ஆகஸ்ட் 1 முதல் 50 சதவீத வரி உண்டு. ஆனால் அது குழாய், கம்பி, கோல், தகடு போன்ற அரைப்பக்குவப் பொருட்களுக்கும், செம்பு மிகுந்த கேபிள், இணைப்பான் போன்றவற்றுக்கும்தான். சுத்திகரித்த கேத்தோடுக்கு வரி இல்லை. காமெக்ஸ் ஒப்பந்தத்தில் ஒப்படைக்கப்படுவது கேத்தோடு. ஐந்து மாதங்களாகக் கப்பல்களை அமெரிக்காவுக்குத் திருப்பி, லண்டன் கிடங்குகளைக் காலியாக்கிய அந்தப் பெரிய வர்த்தகத்தின் அடிப்படை சில நிமிடங்களில் போய்விட்டது.

காமெக்ஸ் விலை சரிந்து, மறுநாள் முடிவில் பவுண்டுக்கு 4.35 டாலர் அளவுக்கு வந்தது. டன்னாக மாற்றினால் 9,600 டாலருக்குச் சற்றுக் குறைவு. லண்டன் விலையும் அப்போது 9,600 டாலர் அளவிலேயே இருந்தது. இடைவெளி மறைந்துவிட்டது. காமெக்ஸ் இழந்தது ஏறத்தாழ 2,800 டாலர், அதில் லண்டன் விலை இறங்கியதால் வந்தது சுமார் இருநூறு டாலர். பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இடைவெளியின் இறப்பு. ஏப்ரலில் இதே விகிதம் ஏறத்தாழ பாதிக்குப் பாதி என்பதை நினைவில் வைத்தால், பங்குச் சந்தை ஏன் ஒரு சரிவுக்கு நடுங்கி மற்றதைக் கவனிக்காமலே இருந்தது என்பது விளங்கும்.

இந்த இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. ஆகஸ்ட் 1ஆம் தேதி எஸ் அண்ட் பி 500 குறியீடு 1.6 சதவீதம் விழுந்தது. ‘செம்பு முன்கூட்டியே எச்சரித்தது, பங்குகள் ஒரு நாள் கழித்துக் கேட்டன’ என்று கதை கட்டுவதற்கு இதைவிட வசதியான தேதி கிடைக்காது. ஆனால் அன்று காலை அமெரிக்க வேலைவாய்ப்பு அறிக்கை வந்தது, மே, ஜூன் மாதங்களின் எண்ணிக்கை 2,58,000 குறைத்துத் திருத்தப்பட்டிருந்தது. முந்தைய இரவு பல நாடுகள் மீதான புதிய வரிகளும் அறிவிக்கப்பட்டிருந்தன. தொழில்துறை பற்றிய கவலை செம்பில் இருந்திருந்தால் அது லண்டன் விலையில் அன்று தெரிந்திருக்க வேண்டும், லண்டன் விலையோ பெரிதாக அசையவில்லை. இரண்டு கோடுகள் அடுத்தடுத்து விழுந்தால் முன்னது பின்னதைத் தள்ளியதாகக் கண் தானாகவே சேர்த்துக்கொள்ளும், அந்தச் சேர்க்கையைத் தேதி தேதியாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பங்குச் சந்தைக்கு எவ்வளவு தூரம்?

இடைவெளியைக் கழித்து, லண்டன் விலையை மட்டும் வைத்துக்கொண்டாலும் அடுத்த கேள்வி நிற்கிறது: தொழில்துறைத் தேவையைச் சரியாகக் காட்டும் செம்பு, பங்குச் சந்தையின் பொதுவான மனநிலையையும் காட்டுமா? இங்கே பழைய பதிவுகள் செம்பின் பட்டப்பெயருக்கு அவ்வளவு சாதகமாக இல்லை.

2007 அக்டோபர் 9ஆம் தேதி எஸ் அண்ட் பி 500 அந்தச் சுற்றின் உச்சத்தைத் தொட்டது. செம்பு 2008 ஜூலையில்தான், 8,900 டாலருக்கு மேல், உச்சத்தைத் தொட்டது. ஒன்பது மாதங்கள் பின்தங்கிய மருத்துவர். அதன்பின் ஆண்டு முடிவதற்குள் 3,000 டாலருக்குக் கீழே விழுந்தது என்பது உண்மைதான், ஆனால் அப்போது நோயாளியின் நிலை தெருவுக்கே தெரிந்துவிட்டது. 2011 பிப்ரவரியில் செம்பு 10,000 டாலரைத் தாண்டி உச்சம் கண்டு, 2016 ஜனவரியில் 4,300 டாலர் அளவுக்கு இறங்கியது. அதே காலத்தில் எஸ் அண்ட் பி 500 ஏறத்தாழ 1,300 புள்ளிகளிலிருந்து 1,900 அளவுக்கு ஏறியது. ஐந்து ஆண்டுகள் செம்பைப் பார்த்துப் பங்குகளை விலக்கி வைத்தவர் பெரிய ஏற்றத்தைத் தவறவிட்டிருப்பார். 2020 மார்ச்சில் இரண்டும் சில நாட்கள் இடைவெளியில் அடிமட்டம் தொட்டன, 2022இல் பங்குக் குறியீடு ஜனவரியிலும் செம்பு மார்ச்சிலும் உச்சம் கண்டன. பெரும் அதிர்ச்சிகளில் செம்பு உடன் வருகிறது, திருப்பங்களில் முன்னால் வருவதாகச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

காரணம் குறியீட்டின் உள்ளே இருக்கிறது. 2025இல் எஸ் அண்ட் பி 500 குறியீட்டின் எடையில் தகவல் தொழில்நுட்பத் துறை மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இருந்தது, மூலப்பொருள் துறை 2 சதவீதத்தை ஒட்டி. செம்பு அதிகம் வாங்கும் நிறுவனங்களும் செம்பு தோண்டும் நிறுவனங்களும் அந்தக் குறியீட்டில் சிறுபான்மை. 2011க்குப் பின் செம்பைக் கீழே இழுத்தது சீனக் கட்டுமானத்தின் தளர்வும் புதிய சுரங்கங்களும், அந்த இரண்டும் அமெரிக்க மென்பொருள் நிறுவனத்தின் லாபத்தை எட்டவில்லை. ஆகவே செம்பிடம் முழுக் குறியீட்டைப் பற்றிக் கேட்பதைவிட, தொழில்துறைப் பங்குகள், மூலப்பொருள் பங்குகள், ஏற்றுமதியை நம்பிய சந்தைகள் ஆகியவற்றைப் பற்றிக் கேட்பது நியாயம்.

அங்கேயும் வழங்கல் பக்கம் குறுக்கே வரும். அதே 2025 செப்டம்பர் 8ஆம் தேதி இந்தோனேசியாவின் கிராஸ்பெர்க் சுரங்கத்தில் சேறு புகுந்து விபத்து நேர்ந்தது, உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. 24ஆம் தேதி அதை நடத்தும் ஃப்ரீபோர்ட் நிறுவனம் ஒப்பந்தப்படி சரக்கு தர இயலாது என்று அறிவித்தது. அன்று லண்டன் செம்பு 3 சதவீதத்துக்கு மேல் உயர்ந்தது, ஃப்ரீபோர்ட் பங்கு சுமார் 17 சதவீதம் விழுந்தது. செம்பு ஏறிய நாளில் மிகப் பெரிய செம்பு நிறுவனங்களுள் ஒன்றின் பங்கு சரிந்தது. லண்டன், நியூயார்க், ஷாங்காய் மூன்றும் சேர்ந்து ஏறின என்பதால் நான் மேலே சொன்ன ‘மூன்று சந்தைச் சோதனை’யும் இந்த நாளைத் தேவை என்றே காட்டியிருக்கும். அந்தச் சோதனை வரியைப் பிரித்தெடுக்கும், சுரங்க விபத்தைப் பிரித்தெடுக்காது. அதற்குச் செய்தியைப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை. சற்றே மெதுவான இன்னொரு வழி, தாதுவைச் சுத்திகரிக்க ஆலைகள் வாங்கும் கூலியைப் பார்ப்பது. 2024இல் டன்னுக்கு 80 டாலராக இருந்த ஆண்டு ஒப்பந்தக் கூலி 2025க்கு 21.25 டாலராக இறங்கியது. ஆண்டின் நடுவில் சுரங்க நிறுவனம் ஒன்றும் சீன ஆலை ஒன்றும் சுழியம் டாலருக்கே ஒப்புக்கொண்டன. தாதுவுக்கு ஆலைகள் போட்டியிட்டுக் கூலி இப்படிச் சரியும்போது தட்டுப்பாடு சுரங்கத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம், அப்போது ஏறும் செம்பு விலையைத் தேவையின் கணக்கில் எழுத முடியாது.

தாளில் வைத்திருக்கும் நான்கு பத்திகள்

ஜூலைக்குப் பிறகு என் வாராந்திரக் கணக்குத் தாளின் பத்திகளை மாற்றிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை முடிவில் லண்டன் மும்மாத விலையின் வாரச் சதவீத மாற்றம் முதல் பத்தி. காமெக்ஸ் இடைவெளி டாலரில் இரண்டாவது பத்தி. லண்டன், காமெக்ஸ், ஷாங்காய் மூன்றின் கிடங்கு இருப்பையும் டன்னுக்கு மாற்றிக் கூட்டிய தொகை மூன்றாவது பத்தி. காமெக்ஸ் இருப்பு குறுடன்னில் வருவதால் அதை 0.907ஆல் பெருக்க வேண்டும், இதை மறந்து கூட்டி ஒரு மாதம் தவறான எண்ணை வைத்திருந்தேன். பங்குக் குறியீட்டின் வார மாற்றம் நான்காவது பத்தி. விலைகளின் அளவை ஒப்பிடாமல் மாற்றங்களை மட்டும் ஒப்பிடுவதற்குக் காரணம் உண்டு. ஏறுமுகத்தில் இருக்கும் எந்த இரண்டு கோடுகளும் ஒன்றோடொன்று தொடர்புடையவைபோல் தோன்றும்.

படிக்கும் முறையும் எளிது. முதல் பத்தியும் நான்காவதும் ஒரே திசையில் வலுவாக நகர்ந்து, இரண்டாவது பெரிதாக மாறாமல் இருந்தால், அந்த வாரம் பொதுவான ஊக்கமோ அச்சமோ நிலவியது என்று குறித்துக்கொள்கிறேன். முதல் பத்தி மட்டும் நகர்ந்து நான்காவது அசையாதிருந்தால் சுரங்கம், வேலைநிறுத்தம், சீனா என்று தேடத் தொடங்குகிறேன், பங்குகளைப் பற்றி எதுவும் எழுதுவதில்லை. இரண்டாவது பத்தி பெரிதாக மாறிய வாரங்களில் காமெக்ஸ் வரைபடத்தைத் திறப்பதே இல்லை. தொடர் வரைபடத்தில் ஒரு மாத ஒப்பந்தம் முடிந்து அடுத்த மாதத்துக்கு மாறும் இடத்தில் வரும் செயற்கையான தாவலும் அந்த முடிவுக்கு இன்னொரு காரணம்.

இரண்டாவது பத்திக்கு ஓய்வு கிடைக்கவில்லை. ஜூலை ஆணையிலேயே, கேத்தோடுக்கு 2027 முதல் 15 சதவீதம், 2028 முதல் 30 சதவீதம் என்று படிப்படியாக வரி விதிக்கலாமா என்று பின்னர் முடிவெடுக்கப்படும் எனச் சொல்லப்பட்டிருந்தது, அதற்கான அறிக்கைக்கு 2026 ஜூன் 30 கெடுவாக வைக்கப்பட்டிருந்தது. அதனால் 2025இன் பிற்பகுதியில் இடைவெளி மீண்டும் திறந்தது, கப்பல்கள் மீண்டும் அமெரிக்காவுக்குத் திரும்பின, லண்டன் விலையும் புதிய உச்சங்களை நோக்கி ஏறியது. அந்த ஏற்றத்தில் எவ்வளவு ஆலைகளுடையது, எவ்வளவு கிராஸ்பெர்க்குடையது, எவ்வளவு கப்பல்களுடையது என்று மூன்றாகப் பங்கிட முயன்று, ஒவ்வொரு வெள்ளியும் மூன்றாவது பத்தியின் ஓரத்தில் பென்சிலால்தான் எழுதி வருகிறேன்.